துளைக்குள் தூசு இருந்தால் பசை பிடிக்காது: கெமிக்கல் ஆங்கர் போடும் முறை

கெமிக்கல் ஆங்கரில் இரும்பு ராடைப் பிடித்து நிறுத்துவது துளையின் சுவரில் ஒட்டியிருக்கும் பசைதான். சுவர்மேல் சிமென்ட் தூசு படிந்திருந்தால் பசை தூசைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் இந்த வேலையில் அதிக நேரம் போக வேண்டிய இடம் துளையைச் சுத்தம் செய்வதுதான்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். பட்டறை ஷெட்டின் இரும்புத் தூணுக்கு 250 x 250 மி.மீ. அளவில், 16 மி.மீ. கனத்தில் ஒரு பேஸ் பிளேட். அது உட்காரப்போவது 450 மி.மீ. சதுரமும் 400 மி.மீ. உயரமும் உள்ள கான்கிரீட் பெடஸ்டலில். நான்கு மூலைகளிலும் எம்16 திரெட் ராடு. ராடுகளுக்கு இடையே 170 மி.மீ. இப்படி வைத்தால் ராடின் மையத்திலிருந்து கான்கிரீட் விளிம்புக்கு 140 மி.மீ. கிடைக்கும். விளிம்பை நெருங்க நெருங்கக் கான்கிரீட் பெயர்ந்து வரும் அபாயம் கூடும். எத்தனை ராடு, எவ்வளவு ஆழம் என்பதைத் தூணுக்கு வரும் சுமையை வைத்துப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள அளவுகள் இந்த உதாரணத்துக்கானவை.

1. குறியிடுதல்: பெடஸ்டல் போட்டு 28 நாளாவது ஆகியிருக்கட்டும். பிளேட்டையே அச்சாக வைத்து நான்கு மையங்களையும் குறியுங்கள். கம்பி கண்டறியும் கருவி இருந்தால் உள்ளே கம்பி ஓடும் இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

2. துளையிடுதல்: ஹேமர் டிரில்லில் 18 மி.மீ. பிட் போட்டு 125 மி.மீ. ஆழத்துக்கு நேராகத் துளையிடுங்கள். ஆழம் தெரியப் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளலாம். கம்பியில் முட்டினால் அறுத்துத் தள்ளாமல் நிறுத்திப் பொறியாளரிடம் கேளுங்கள்.

3. சுத்தம் செய்தல்: ஊதும் பம்பின் குழாயைத் துளையின் அடிவரை விட்டு, தூசு வராத வரை ஊதுங்கள். பிறகு துளையைவிடச் சற்றுப் பெரிய கம்பி பிரஷைச் சுழற்றி அடிவரை தேயுங்கள். பிரஷ் லேசாக உள்ளே போனால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். மறுபடி ஊதுங்கள். எத்தனை முறை ஊத வேண்டும், தேய்க்க வேண்டும் என்பது பசை ட்யூபுடன் வரும் தாளில் இருக்கும், அதைக் குறைக்காதீர்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும், தூசு கண்ணில் படும். தண்ணீர் தேங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம்.

4. பசையைத் தயார் செய்தல்: ட்யூபில் இரண்டு பொருட்கள் தனித்தனியே இருக்கும், மிக்சர் நாசிலுக்குள்தான் அவை கலக்கும். முதலில் வரும் பசையை ஓர் அட்டையில் பிழிந்து விட்டுவிடுங்கள். நிறம் கோடில்லாமல் ஒரே சீராக வந்த பிறகே துளைக்குப் போகலாம். கலக்காத பசை எத்தனை நாளானாலும் இறுகாது.

5. நிரப்புதல்: நாசிலைத் துளையின் அடியில் வைத்து, பிழிந்துகொண்டே மெல்ல மேலே இழுங்கள். துளையில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் போதும். இந்த அளவுத் துளைக்கு அது சுமார் 21 மி.லி.; நான்குக்கும் 84 மி.லி. மேலிருந்து பிழிந்தால் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும்.

6. ராடைச் செருகுதல்: எண்ணெய் துடைத்த 190 மி.மீ. ராடில் 125 மி.மீ. அளவில் குறியிட்டு, முறுக்கிக்கொண்டே குறிவரை தள்ளுங்கள். வாயில் சுற்றிலும் பசை பிதுங்கி வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. உடனே ராடை எடுத்து மேலும் பசை விட்டுச் செருகுங்கள். வெயிலில் சில நிமிடங்களிலேயே பசை கெட்டியாகத் தொடங்கும் என்பதால் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

7. காத்திருத்தல்: பசை வகையையும் கான்கிரீட்டின் சூட்டையும் பொறுத்து இறுகும் நேரம் மாறும், அட்டவணை ட்யூபிலேயே இருக்கும். அதுவரை ராடைத் தொடாதீர்கள். அசைத்தால் பிடிப்பு உடைந்துவிடும்.

8. பிளேட்டை முறுக்குதல்: பிளேட்டை மட்டம் பார்த்து வைத்து, அடியில் சுருங்காத கிரவுட் ஊற்றி, அது இறுகிய பின் வாஷரும் நட்டும் போடுங்கள். டார்க் ஸ்பேனரில், தாளில் உள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். எம்16க்கு அது பெரும்பாலும் 80 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். முறுக்கும்போது ராடும் சேர்ந்து சுழன்றாலோ மேலே எழும்பினாலோ அந்த ராடு பயன்படாது. அப்படி வெளியே வரும் ராடில் பசை உறையாய் ஒட்டி, மேலே சாம்பல் தூசு படிந்திருந்தால் தவறு மூன்றாம் படியில் நடந்திருக்கிறது. பசை பிசுபிசுவென இருந்தால் நான்காம் படியில்.

ஓர் எல்லையையும் நினைவில் வையுங்கள். சுமை நிரந்தரமாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும் இடத்தில், உத்தரத்தில் தொங்கவிடும்போது, எல்லாப் பசையும் உதவாது. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கப்பாதையில் இப்படிப் பொருத்தியிருந்த கூரைப் பலகைகள் விழுந்து காரில் சென்ற ஒரு பெண் இறந்தார். பயன்படுத்திய வேகமாக இறுகும் எபாக்சி, தொடர்ந்த இழுப்பில் மெல்ல மெல்ல நெகிழ்ந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. தரையில் நிற்கும் தூணுக்குச் சரியாக இருந்த ட்யூபைத் தலைக்குமேல் தொங்கும் சுமைக்கு எடுக்கும் முன், தொடர் இழுப்புக்கு அது சான்று பெற்றதா என்று தாளில் பாருங்கள்.