உரைக் கோப்பா, துவிதக் கோப்பா?

மாணவர்களே, பெயரின் இறுதியில் .txt இருப்பதை மட்டும் நம்பி விடை எழுதாதீர்கள், பைற்றுகளைப் பாருங்கள்.

முதலில் 00 என்னும் வெற்றுப் பைற்றைத் தேடுக. UTF-8 உரையில் அது வழமையாக வராது. இருந்தால் பெரும்பாலும் துவிதக் கோப்பே. ஆனால் UTF-16 இல் Hatton என்பது 48 00 61 00 எனத் தொடங்கும். அதுவும் உரையே! எனவே கோப்பின் தொடக்கத்தில் FF FE உண்டா எனவும் பார்க்க வேண்டும்.

00 இல்லையெனில் தொடரைச் சோதிக்குக. "ஹட்டன்" என்பதன் முதலெழுத்து UTF-8 இல் E0 AE B9 ஆகும். E0 வந்தால் அதன்பின் இரு தொடர்ச்சிப் பைற்றுகள் வேண்டும். E0 AE 41 என வந்தால் தொடர் பிழை.

பலர் தவறும் இடம் இது: தமிழெழுத்துகள் மட்டுமே உள்ள கோப்பில் முதல் 8000 பைற்றுகளை வாசித்தால், 2666 குறியீடுகளுக்குப் பின் 2 பைற்றுகள் எஞ்சும். அவை வெட்டுப்பட்டவை, பிழையானவை அல்ல.