புகைபோக்கிக்குள் ஒளிந்திருந்த விறகு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நகரத்திலிருந்து விலகிய ஒரு பழைய வீட்டில் என் பெரியம்மாவின் மகள் வாழ்கிறார். கடந்த டிசம்பரில் ஒரு நாள் அவர் உம்மாவுக்கு அழைப்பெடுத்தார். குரல் நடுங்கியது. "சாச்சி, அடுப்புக்குள்ள நெருப்பு சரியாத்தான் எரிஞ்சது. மேல புகைபோக்கிதான் தீப்பிடிச்சிட்டுது" என்றார். மாடி அறையில், அந்தப் புகைபோக்கியை ஒட்டிய சுவருக்குப் பக்கத்தில்தான் அவருடைய பிள்ளையின் தொட்டில் இருந்தது.

எல்லோரும் தப்பிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எனக்கு அந்த வசனம் விளங்கவில்லை. புகைபோக்கி செங்கல்லாலும் சுட்ட மண் குழாயாலும் ஆனது. அதில் எரிவதற்கு என்ன இருக்கிறது? பல நாட்கள் ராத்தாவைத் தொல்லைப்படுத்திக் கேட்டும், எங்கள் இரசாயனவியல் பாடத்தோடு பொருத்திப் பார்த்தும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மரத்தூளை ஒரு சோதனைக் குழாயில் இட்டு, காற்றுப் படாமல் சூடாக்கும் பரிசோதனை பலருக்கும் நினைவிருக்கும். மரத்தூள் கருகும்போது வெண்புகை கிளம்பும். குழாயின் குளிர்ந்த பகுதியில் கபில நிறத் திரவம் சொட்டுச் சொட்டாகச் சேரும். வாயில் தீக்குச்சியைக் காட்டினால் வெளியேறும் வாயு எரியும். விறகடுப்பில் நடப்பதும் இதுதான். கட்டை நேரடியாக எரிவதில்லை. முதலில் அது வெப்பத்தால் சிதைந்து நீராவி, காபனோரொட்சைட்டு, மெதனோல், அசற்றிக்கமிலம், பீனோல்கள், தார் ஆவி எல்லாவற்றையும் வெளியிடுகிறது. நாம் காணும் சுவாலை இந்த ஆவிகள் எரிவதே. கட்டையின் சக்தியில் பெரும்பகுதி இந்த ஆவிகளில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரிய வேண்டுமானால் போதிய ஒட்சிசனும் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் தேவை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆவி எரியாமலே புகையாக மேலேறும்.

மேலே போகும் புகை குளிரும். புகைபோக்கியின் உட்சுவர் சுமார் 120 பாகைக்குக் கீழே இருந்தால், தார் ஆவியும் நீராவியும் அதன்மேல் ஒடுங்கிப் படியும். சோதனைக் குழாயில் கண்ட அதே கபிலத் திரவம்தான். இதற்குப் பெயர் கிரியோசோட்டு. கிரேக்க மொழியில் 'இறைச்சியைக் காப்பது' என்ற பொருளில் வைத்த பெயர் இது. நம் நாட்டில் புகையூட்டிய இறப்பர் தாளில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காததற்கும் புகையிலுள்ள இதே வகைப் பொருட்கள் உதவுகின்றன. அங்கே நல்லது செய்கிற பொருள், புகைபோக்கிக்குள் சேர்ந்தால் எரிபொருளாகிவிடுகிறது. எளிமையாகச் சொன்னால், கிரியோசோட்டு என்பது அடுப்பில் எரிந்திருக்க வேண்டியும் எரியாமல் போன விறகு.

ராத்தாவின் வீட்டில் அது எப்படி இவ்வளவு சேர்ந்தது? கோடையில் வெட்டிய மரத்தை அதே ஆண்டு ஒக்டோபரிலேயே எரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, குறைந்தது ஓர் ஆண்டு காய்ந்தால்தான் விறகின் ஈரலிப்பு 20 வீதத்துக்குக் கீழே வரும். 10 கிலோகிராம் ஈர விறகில் 40 வீதம் நீர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 4 லீற்றர். அதைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 10 மெகாயூல் வேண்டும். அந்த விறகு தரக்கூடிய சக்தியில் இது பத்தில் ஒரு பங்குதான், பெரிய இழப்பில்லையே என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் கட்டை ஆவிகளை வெளியிடும் அதே நேரத்தில் நீர் இந்த வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அடுப்பு 600 பாகையை எட்ட முடியாமல் போவது அதனால்தான்.

இரண்டாவது காரணம் எனக்கு வியப்பாக இருந்தது. கடுங்குளிர் நாட்களில் அல்ல, ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மிதமான குளிரில்தான் அதிகம் படிந்திருக்கிறது. வீட்டின் தேவைக்கு மேல் பெரிய அடுப்பு அது. முழுதாக எரியவிட்டால் அறை தாங்க முடியாமல் சூடாகிவிடும். அதனால் காற்றுத் துவாரத்தை ஏறக்குறைய மூடி, நெருப்பை மந்தமாகப் புகையவிட்டிருக்கிறார்கள். விடியும்வரை தணல் இருக்கட்டும் என்று இரவிலும் அப்படியே. ஒட்சிசனும் இல்லை, வெப்பமும் இல்லை. போதாததற்கு அந்தப் புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில், குளிர்காற்றுப் படும்படி நிற்கிறது. வீட்டின் நடுவே எழும் புகைபோக்கியைவிட அது விரைவாகக் குளிரும்.

பைன் மரத்தின் பிசின்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அங்கே பலர் நம்புகிறார்களாம். ராத்தா எரித்தது மேப்பிள். எந்த மரமானாலும் ஈரமாக இருந்து மந்தமாகப் புகைந்தால் கிரியோசோட்டு வரும். நன்றாகக் காய்ந்த பைனைத் தாராளமாகக் காற்று விட்டு எரித்தால் குறைவாகவே வரும்.

படிவு எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் தூசி போன்ற கரி. தூரிகையால் துடைத்தால் போய்விடும். அடுத்தது மினுங்கும் கறுப்புச் செதில்கள். இவற்றின்மேல் மீண்டும் மீண்டும் தார் படிந்து, சூடுபட்டு இறுகினால் கண்ணாடி பூசியதுபோல் கெட்டியாகிவிடும். இந்த மூன்றாவது நிலைதான் மிகவும் ஆபத்தானது. சாதாரணத் தூரிகைக்கு அது அசையாது. 3 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சேர்ந்தாலே சுத்தம் செய்துவிட வேண்டும் என்பார்கள்.

தீப்பற்றிய நாளில் நல்ல குளிர். ராத்தா காற்றுத் துவாரத்தை முழுதாகத் திறந்து, பொருட்கள் வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறார். அட்டை சட்டென்று உயர்ந்த சுவாலையோடு எரியும். அந்தச் சுவாலை குழாய்க்குள் எட்டி, இரண்டு மாதமாகச் சேர்ந்திருந்த படிவைப் பற்றவைத்தது. பற்றியதும் குழாய்க்குள் சூடான வாயு விரைந்து எழும். அது கீழேயிருந்து மேலும் காற்றை இழுக்கும். அந்தக் காற்று நெருப்பை இன்னும் வளர்க்கும். வெப்பநிலை 1000 பாகையையும் தாண்டக்கூடும். வீட்டின்மேல் தாழப் பறக்கும் விமானம் போல ஓர் இரைச்சல் கேட்டது என்றார் ராத்தா.

அவர் அடுப்புக் கதவையும் காற்றுத் துவாரத்தையும் இறுக மூடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, அங்கிருந்து தீயணைப்புப் படையை அழைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் கொதிக்கும் மண்குழாய் வெடித்துப் பிளந்திருக்கும். நீராவி அவர் மேலேயே பாய்ந்திருக்கும். வந்தவர்கள் நெருப்பை அணைத்த பிறகும் உடனே போய்விடவில்லை. வெப்பத்தைக் காட்டும் கமெராவால் மாடிச் சுவரை நீண்ட நேரம் பார்த்திருக்கிறார்கள். குழாய் வெடித்த இடத்தினூடாக வெப்பம் சுவருக்குள் இருக்கும் மரச் சட்டங்களுக்குப் போயிருந்தால், அவை மணிக்கணக்காக உள்ளே கனன்று பிறகு தீப்பிடிக்கலாம். தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் கை வைக்க முடியாமல் சூடாக இருந்ததாம். நல்லவேளை, சட்டங்கள் பற்றியிருக்கவில்லை.

மறுவாரம் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தபோது மண்குழாயில் நீளமான வெடிப்புகள் இருந்தன. எரிந்த கிரியோசோட்டு ஊதிப் பெருத்து, தேன்கூடு போல் இலேசான கறுப்புக் கட்டிகளாக நின்றது. அதைக் கண்டதும் அவர், "இது முதல் தடவை இல்லை" என்றிருக்கிறார். கட்டிகளில் சில பழையவை. அவற்றின்மேல் புதிய தார் படிந்திருந்தது. காற்றுப் போதாத புகைபோக்கித் தீ சத்தமில்லாமல் மெதுவாக எரிந்து தானே அணைந்துவிடுவதும் உண்டு. முன்னொரு நாள் இவர்கள் உறங்கும்போதே அப்படி ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. அதை ராத்தா சொன்னபோது உம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது உள்ளே கறையில் உருக்குக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். அடுப்புக்கு மேலுள்ள குழாயில் காந்தத்தால் ஒட்டும் ஒரு வெப்பமானி இருக்கிறது. முள் கீழ்ப்பகுதிக்கு இறங்கினால் ராத்தா காற்றைத் திறக்கிறார். மிதமான குளிருள்ள நாட்களில் கொஞ்ச விறகை வேகமாக எரித்து, அணையவிடுகிறார். கொட்டிலில் பிளந்து அடுக்கிய விறகின் படத்தைப் போன கிழமை அனுப்பியிருந்தார். இந்த முறை குளிருக்கா என்று கேட்டேன். "இல்லடி, அடுத்த வருஷத்துக்கு" என்று பதில் வந்தது.