எங்கே நின்றது என்று எழுதுங்கள்

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. கஸ்டமர் கேருக்கு ஈமெயில் போட்டால் "விவரம் அனுப்புங்கள்" என்றே பதில் வருகிறது. எப்படி எழுதுவது?
– வாசகி, திருச்சி

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அப்படித்தான் கேட்பார்கள், அம்மா. விளக்கே எரியவில்லையா, இல்லை விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, பாத்திரம் மட்டும் சூடாகவில்லையா? இரண்டும் வேறு வேறு கோளாறு. திரையில் E என்று தொடங்கும் எண் தெரிந்தால் அதை அப்படியே எழுதுங்கள். மற்றபடி இந்த அளவு போதும்:

"மார்ச் 3 அன்று வாங்கிய அடுப்பு, மே 5 காலை பால் காய்ச்சும்போது 'டப்' என்ற சத்தத்துடன் அணைந்தது. அதன்பின் விளக்கும் இல்லை, பீப் ஒலியும் இல்லை. வேறு பிளக் பாயிண்டிலும் இதே நிலை. அதே பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் சூடாகிறது. கண்ணாடியில் விரிசல் இல்லை. தண்ணீர், பால் எதுவும் சிந்தவில்லை. வாரன்டியில் இலவசமாகச் சரிசெய்து தரவும். புகார் எண் அனுப்பவும்."

அயர்ன் பாக்ஸ் வரியை விட்டுவிடாதீர்கள். "உங்கள் வீட்டு லைனில்தான் கோளாறு" என்று தட்டிக்கழிக்க அது இடம் தராது. சிந்தவில்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பில்லையும், அடுப்பின் அடியில் சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரையும் படமெடுத்து இணையுங்கள். தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்க வேண்டாம், வாரன்டி போய்விடும். ஒரு வாரம் பார்த்தும் அசையாவிட்டால், புகார் எண்ணோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.