பள்ளி நினைவை ஆங்கிலத்தில் எழுதும்போது

கல்வராயன் மலையில் படித்த நாட்களை எழுதுகிறீர்கள். முதல் வரியில் 'யூஸ்டு டு' வரட்டும்: 'வீ யூஸ்டு டு லிவ் இன் வெள்ளிமலை.' இது அப்போது இருந்த நிலை. லிவ், ஹேவ், நோ, லைக் போன்ற நிலைச் சொற்களோடு 'வுட்' ஒட்டாது. காலம் புரிந்தபின், திரும்பத் திரும்பச் செய்ததற்கு 'வுட்' போடலாம்: 'எவ்ரி மண்டே வீ வுட் டேக் த பஸ் டு கள்ளக்குறிச்சி.' 'திங்கள்தோறும் பஸ் ஏறுவோம்' என்கிறோமே, அதே தொனி.

நமக்குச் சறுக்குவது இங்கேதான். 'பள்ளி வாசலில் ஒரு புளியமரம் இருக்கும்' என்று தமிழில் சொல்வது இயல்பு. அதை அப்படியே 'வுட் பீ' ஆக்கிவிடுகிறோம். மரம் நின்றது பழக்கமல்ல, நிலை. 'தேர் யூஸ்டு டு பீ எ டாமரிண்ட் ட்ரீ' என்பதே சரி.

சந்தேகம் வந்தால், 'அடிக்கடி' என்பதைச் சேர்த்துப் பாருங்கள். 'அடிக்கடி பஸ் ஏறுவோம்' பொருந்துகிறது. 'அடிக்கடி புளியமரம் இருக்கும்' சிரிப்பாக இருக்கிறது. பொருந்தாத இடத்தில் 'வுட்' வேண்டாம்.

ஒரே ஒரு முறை கோமுகி அணைக்குச் சுற்றுலா போனீர்களா? இரண்டுமே வேண்டாம், வெறும் 'வென்ட்' போதும். எதிர்மறையில் 'டிட்நாட்' வந்துவிட்டால், 'யூஸ்டு' கடைசி எழுத்தை இழந்து 'யூஸ்' ஆகிவிடும்.