சக ஊழியர் மீது புகாரா? தேதி போட்டு எழுதுங்கள்

கோபியிலிருந்து பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூருக்கும் தினமும் கம்பெனி வேனில் போகிறவர்களுக்குத் தெரியும்: பாதிப் புகார்கள் வேனிலேயே முடிந்துவிடும். மீதி டீக்கடையில் தீரும். தப்பித்தவறி எச்.ஆர். வரை போனாலும் வாய்மொழியாகத்தான் போகும். “அந்தாளு தொல்லை தாங்கலைங்க சார்.” எச்.ஆர். தலையாட்டுவார். நம் பக்கத்து நடுத்தர நிறுவனங்களில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்டெண்டன்ஸ், கேன்டீன் என எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர் ஒருவரே. சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். மறக்காவிட்டாலும் அவருக்கு மனதில் நிற்பது ஒன்றுதான்: நீங்கள் புலம்புகிற ஆள்.

எழுத்தில் கொடுத்தால் கதையே வேறு. ஆனால் அந்தக் காகிதத்தை எச்.ஆர். மட்டும் படிக்கப்போவதில்லை. விசாரணை என்று வந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் படிப்பார். அவரே படித்தாலும் “இது பொய்” என்று எந்த வரியையும் காட்ட முடியாதபடி எழுத வேண்டும். அதுதான் இதிலுள்ள தொழில்நுட்பம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நீங்கள் லைன் க்யூ.சி. நீங்கள் இல்லாத நேரத்தில் யாரோ இன்லைன் ரிப்போர்ட்டில் உங்கள் இனிஷியலைப் போட்டு பண்டிலை பாஸ் செய்கிறார்கள். அதே லைனைப் பார்க்கும் சக க்யூ.சி.மீது உங்களுக்குச் சந்தேகம். கேட்டால் டெய்லர்கள் முன்னால் சத்தம் போடுகிறார். நாளை பையர் ஆடிட்டில் டிஃபெக்ட் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். இப்போது என்ன செய்வது?

1. முதலில் வாசலைச் சரிபாருங்கள்.

விஷயம் பாலியல் தொல்லை என்றால் அது எச்.ஆர். பேசித் தீர்க்கிற விவகாரம் அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் அங்கேதான் எழுதித் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். ஆறு பிரதிகள், ஆவணங்கள், சாட்சிகளின் விவரம் தேவை. ஒரு பிரதி ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போய்விடும். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று சொல்லித் தண்டிக்க முடியாது.

இந்த வாசல் வேலை செய்யாத இடத்தில் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் காட்டியது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். அவர் முன்பே தொல்லை கொடுத்துவந்ததாகக் குடும்பம் சொன்னது. அதன் பிறகு 2022-இல் தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், தொல்லையைக் கவனித்துப் புகாராக எடுத்துச்செல்லத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்து நிறுத்தினார்கள். புகார் சொல்வதும் பழக வேண்டிய ஒரு ஸ்கில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் உதாரணம் இந்த வகை அல்ல. அது எச்.ஆர். மேசைக்குத்தான் போக வேண்டும்.

2. அன்றைக்கே குறித்துவையுங்கள்.

தேதி, நேரம், இடம், நடந்தது, பேசிய சொற்கள், அருகில் இருந்தவர்கள், அதைக் காட்டும் ரெஜிஸ்டர். இவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து எழுதினால் கோபம் நினைவில் இருக்கும், நேரம் இருக்காது. கம்பெனி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ரகசிய விதியை மீறியதாக உங்கள் மீதே நோட்டீஸ் திரும்பலாம். ரிப்போர்ட் நம்பரைக் குறித்தால் போதும். எடுத்துப் பார்ப்பது எச்.ஆர். வேலை.

3. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

பொருள் வரியில் ஆளின் பெயர் வேண்டாம், விஷயம் போதும். இப்படி:

“பொருள்: லைன் 4 இன்லைன் ரிப்போர்ட்டில் உள்ள என் இனிஷியல் தொடர்பாக.

ஜூன் 3 காலை 11.20 முதல் 12.05 வரை நான் சாம்பிள் ரூமில் இருந்தேன். அன்று 11.40 மணி ரிப்போர்ட்டில் என் இனிஷியல் உள்ளது. அதை நான் போடவில்லை. ஜூன் 5 அன்று நான் லீவில் இருந்தேன். அன்று 3 மணி ரிப்போர்ட்டிலும் என் இனிஷியல் உள்ளது. ஜூன் 9 காலை சுமார் 10 மணிக்கு இதுபற்றி, அதே லைனைப் பார்க்கும் சக க்யூ.சி.யிடம் கேட்டேன். ‘வேலை ஓடணும்னா யார் போட்டா என்ன’ என்று உரத்த குரலில் சொன்னார். லைன் சூப்பர்வைசரும் இரண்டு ஹெல்ப்பர்களும் அருகில் இருந்தார்கள்.

இரண்டு ரிப்போர்ட்டுகளையும் சாம்பிள் ரூம் ரெஜிஸ்டர், அட்டெண்டன்ஸுடன் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இனி ரிப்போர்ட்டில் முழுக் கையெழுத்தும் எம்ப்ளாயி நம்பரும் கட்டாயமாக்கப்பட்டால் இந்தக் குழப்பம் வராது.”

கவனித்தீர்களா? அவர்தான் இனிஷியல் போட்டார் என்று ஒரு வரியும் இல்லை. ஏனென்றால் நீங்கள் பார்க்கவில்லை. “நான் போடவில்லை” என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், அதோடு நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தை ரெஜிஸ்டர் சொல்லும்.

4. சிவப்புப் பேனாவோடு ஒருமுறை படியுங்கள்.

“எப்பவுமே”, “வேண்டுமென்றே”, “பொறாமையில்”, “எல்லோருக்கும் தெரியும்” என்று இருந்தால் அடித்துவிடுங்கள். “எப்பவுமே” என்றால், செய்யாத ஒரு நாளைக் காட்டி அவர் தப்பித்துக்கொள்வார். “வேண்டுமென்றே” என்றால், அவர் மனதில் இருந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். “திமிராகப் பேசினார்” என்பது உங்கள் தீர்ப்பு. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினால், படிக்கிறவரே தீர்ப்பை எழுதிக்கொள்வார். அவருடைய குடும்பம், சாதி, பழைய கம்பெனிக் கதை எதுவும் வேண்டாம். ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது, எச்.ஆருக்கே மச்சான் முறையாக இருக்கலாம். அப்படியென்று தெரிந்தால் ஃபேக்டரி மேனேஜருக்கு ஒரு பிரதி வையுங்கள். எம்.டி. முதல் அக்கவுண்ட்ஸ் வரை சி.சி. போட்டால் அது மிரட்டலாகத் தெரியும்.

5. கொடுக்கிற இடத்தில் மட்டும் கொடுங்கள்.

மொட்டைக் கடுதாசி வேண்டாம். சந்தேகம் எப்படியும் உங்கள் மேல்தான் வரும். பாதுகாப்பு மட்டும் வராது. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அதைவிட மோசம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. ஆனால் ஒருவர்மீது அதிகாரம் உள்ளவரிடம், அந்த அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தில், நல்லெண்ணத்தோடு புகார் சொல்வதற்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. எச்.ஆர். மேசை அந்த விலக்குக்குள் வரும். உங்கள் லைன் குரூப் வராது. மெயிலில் அனுப்புங்கள். காகிதம் என்றால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ‘பெற்றுக்கொண்டேன்’ கையெழுத்து வாங்குங்கள்.

6. கொடுத்த பிறகு வாயை மூடுங்கள்.

கூப்பிட்டு விசாரித்தால் கடிதத்தில் உள்ளதையே சொல்லுங்கள். அங்கே புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதும் சந்தேகத்துக்குள்ளாகும். பத்து வேலை நாளில் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழ் இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதன் பிறகு உங்கள் ஷிஃப்ட் மாறினாலோ ஓ.டி. நின்றாலோ அதையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

அவருக்கு மெமோ போகாமலேகூட இருக்கலாம். வெறும் அறிவுரையோடு விட்டுவிடலாம். உங்களுக்கு வேண்டியது அவருடைய மெமோ அல்ல. ஜூன் 3, ஜூன் 5 ரிப்போர்ட்டில் உள்ள இனிஷியல் உங்களுடையது அல்ல என்று, பையர் கேட்பதற்கு முன்பே எழுதிக்கொடுத்த ஆள் நீங்கள். ஆடிட் நாளில் இந்த ஒரு பக்கம்தான் உங்கள் வேலையைக் காப்பாற்றும்.