பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பிரிவு? மதிப்பெண் பட்டியலை வாசிக்கும் முறை

நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டில் உற்றார் உறவினர் உண்டு. அண்ணன் மகள், தங்கை மகன் என்று அங்குள்ள பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டோரும் நம்மிடையே உளர். ஒவ்வோர் ஆண்டும் மே மாத வாக்கில் அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன், "பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்க்கலாம்?" என்ற கேள்வி கடல் கடந்து நம்மிடம் வந்து சேரும். பணம் அனுப்புகிறவரின் சொல்லுக்கு வீட்டில் எடை அதிகம். ஆகவே விவரம் அறியாமல் நாம் சொல்லும் ஒரு சொல், ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைத் தவறான வகுப்பறையில் உட்கார வைத்துவிடக் கூடும். அது நேராதிருக்கவே இக்கட்டுரை.

பிரிவுகளும் கதவுகளும்

முன்பு நம் நாட்டில் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிரித்ததைப் போல, தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் பிரிக்கிறார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஆறு பாடங்கள். தமிழும் ஆங்கிலமும் எல்லாருக்கும் பொது. மற்ற நான்கே பிரிவைத் தீர்மானிக்கின்றன.

பொதுவாகக் கேள்விப்படும் பிரிவுகள் நான்கு. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் சேர்ந்தது முதலாவது. அதே மூன்றுடன் கணினி அறிவியல் சேர்ந்தது இரண்டாவது. கணிதம் இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்பது மூன்றாவது. இதைத்தான் 'பியூர் சயின்ஸ்' என்கிறார்கள். வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் ஆகியவற்றுடன் வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடோ சேர்ந்தது நான்காவது. தொழிற்கல்விப் பிரிவுகளும் வரலாற்றுப் பிரிவும் இவற்றிற்கு அப்பால் உள்ளன. எல்லாப் பிரிவும் எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை. எனவே அருகிலுள்ள பள்ளியில் எவை உள்ளன என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

பொறியியல் பட்டப் படிப்புக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் தேவை. மருத்துவத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. அத்துடன் நீட் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். செவிலியர் பட்டப் படிப்புக்கும் அதே மூன்று அறிவியல் பாடங்கள் வேண்டும். மருந்தியல் பட்டத்திற்கு இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவினரும் போகலாம். பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் நிலைத் தேர்வையும் பிளஸ் டூ முடித்த எவரும் எழுதலாம்.

இதைக் கண்டு பலர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: "அறிவியல் படித்தவன் பிறகு வணிகத்திற்குப் போகலாம், வணிகம் படித்தவன் அறிவியலுக்குத் திரும்ப முடியாது. ஆகவே எதற்கும் முதல் குரூப்பிலேயே சேர்த்துவிடு." முதல் வாக்கியம் பெரும்பாலும் சரி. முடிவுதான் பிழை. பிரிவு ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே நுழைவதற்கு மதிப்பெண் வேண்டும். பெயருக்குக் கணிதம் படித்துத் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளைக்குப் பொறியியல் கதவு பாதிதான் திறக்கிறது. நன்றாகச் செய்யக்கூடிய வேறு பாடங்களின் மதிப்பெண்ணும் அந்தச் சுமையில் குறைந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் தமிழ் 91, ஆங்கிலம் 78, கணிதம் 64, அறிவியல் 86, சமூக அறிவியல் 93. மொத்தம் 500க்கு 412. அப்பா பொறியியல் என்கிறார். வெளிநாட்டிலிருந்து செலவு செய்யும் சித்தப்பாவும் கணினிப் பிரிவு என்கிறார். பிள்ளைக்கோ உயிரியல் பாடங்களில் விருப்பம்.

412 என்ற மொத்தம் பள்ளியில் இடம் கிடைக்க உதவும். எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை அது சொல்லாது. அதைக் கணிதமும் அறிவியலுமே சொல்ல வேண்டும். அவற்றையும் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும்.

அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. நம் மாணவி செய்முறையில் 25ஐயும் பெற்றுவிட்டாள் என்று கொண்டால், எழுத்தில் அவள் வாங்கியது 75க்கு 61. அது நல்ல மதிப்பெண்ணே. ஆனால் 86 என்ற எண் காட்டும் அளவுக்கு உயர்வானதன்று.

கணிதத்தில் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்திற்குமாக 8 வீதம் 16. இந்த 30 மதிப்பெண்ணும் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்த பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு உரியது எஞ்சிய 70. பிள்ளை தானே சிந்தித்துச் செய்ததை அந்த 70தான் காட்டுகிறது.

இந்தப் பிரிப்பு மதிப்பெண் பட்டியலில் வராது. பள்ளியில் எழுதிய திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் மாணவிக்கு ஒரு மதிப்பெண் பகுதியில் 12, வரைதலில் 16 கிடைத்திருந்தால் அதுவே 28. அப்படியானால் மீதிக் கணக்குகளில் 70க்கு 36 மட்டுமே. பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறாள். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் வரைதலுக்கான அந்த 16 மதிப்பெண் போன்ற உதவி இல்லை. சார்புகள், இயற்கணிதம், முக்கோணவியல், பின்னர் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் என்று அது போகிறது. எல்லாம் அந்தப் பாதியில் நின்ற பகுதியின் மேலேயே கட்டப்படுகின்றன.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. பத்தாம் வகுப்பு நூலின் இயற்கணிதம், முக்கோணவியல் பாடங்களிலிருந்து, பள்ளியில் செய்து காட்டாத பத்துக் கணக்குகளை ஓர் ஆசிரியரைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். பிள்ளையைத் தனியே அமர்த்தி, ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். விடையை மட்டும் பார்க்க வேண்டாம். எப்படித் தொடங்கினாள் என்று பாருங்கள். தொடங்கி, இடையில் கூட்டல் கழித்தலில் தவறினால் அது பயிற்சியால் தீரும். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நின்றால் அடிப்படை இன்னும் அமையவில்லை என்று பொருள். நம் மாணவி நான்கு கணக்குகளை முடித்தாள், ஐந்தைத் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இனி அப்பாவின் விருப்பத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான 'கட்-ஆஃப்' 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண்ணை முழுமையாகவும், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டுகிறார்கள். பிளஸ் டூவிலும் அவள் கணிதத்தில் 64, மற்ற இரண்டிலும் 80 வீதம் பெற்றால், 64, 40, 40 சேர்ந்து 144 வரும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் முழுதாக ஒன்று போகிறது; இயற்பியலில் குறைந்தால் அரைதான் போகிறது. அதாவது, அவளிடம் எது குறைவோ அதற்கே இரட்டிப்பு எடை. 144க்கும் ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கலாம். அப்பா மனத்தில் வைத்திருக்கும் கல்லூரியும் துறையும் கிடைப்பது அரிது.

விருப்பத்தையும் சோதிக்கலாம்

"உயிரியல் பிடிக்கும்" என்பது சில வேளைகளில் "உயிரியல் ஆசிரியையைப் பிடிக்கும்" என்பதாகவும் இருக்கும். பதினோராம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல் நூல்களை இரவல் வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மறுநாள் நூலை மூடிவிட்டு அதைச் சொல்லச் சொல்லுங்கள். பெயர்களும் வகைப்பாடும் நிறைந்த அந்தப் பக்கங்களுக்குப் பிறகும் அடுத்த பாடத்தைத் தானே புரட்டினால் அது உண்மையான விருப்பம்.

இம்மாணவிக்கு அவ்வாறே அமைந்தால் 'பியூர் சயின்ஸ்' பொருந்தும். என்ன இழக்கிறாள் என்பதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பொறியியல் பட்டத்தின் கதவு மூடிவிடும். செவிலியர், மருந்தியல், இயன்முறை மருத்துவம், அறிவியல் பட்டம் பெற்று ஆசிரியப் பணி, சட்டம் ஆகியவை திறந்தே இருக்கும். மருத்துவமும் திறந்திருக்கும், ஆனால் நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360தான். எஞ்சிய பாதி இயற்பியலும் வேதியியலும் ஆகும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை தேவை. கணிதத்தை விட்டுவிட்டால் கணக்குத் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பதினோராம் வகுப்பு இயற்பியலில் தடுமாறுகிறார்கள். அதன் தொடக்கப் பாடங்களிலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிடுகின்றன. ஆகவே இம்மாணவிக்கு டியூஷனுக்குப் பணம் அனுப்புவதானால், பள்ளி திறக்கும் முன் முக்கோணவியலும் இயற்கணிதமும் சொல்லித்தரும் ஓர் ஆசிரியருக்கு ஆகும் செலவே முதற்செலவாக இருக்கட்டும்.

வணிகவியலைப் பற்றி ஒரு சொல்

மதிப்பெண் குறைந்தோர்க்கான இடம் என்று இப்பிரிவைத் தள்ளிவைப்பது தவறு. கணக்குப் பதிவியல் பத்தாம் வகுப்பில் இல்லாத பாடம். எல்லாரும் புதிதாகவே தொடங்குகிறார்கள். எனவே அறிவியலில் பின்தங்கிய பிள்ளை இதில் முன்னேறுவது இயல்பே. ஒரு பக்கக் கணக்கைப் பிசகாமல், வரிசை மாறாமல் எழுதும் பொறுமை இருக்கிறதா என்பதையே இதற்குப் பார்க்க வேண்டும். பட்டயக் கணக்காளர் ஆக விரும்புகிறவர் வணிகக் கணிதம் உள்ள பிரிவைக் கேட்டு வாங்குவது நல்லது. அப்படிப்பின் முதல் நிலையில் உள்ள நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும் அடங்கியது.

கையால் செய்யும் வேலையில் நாட்டம் மிகுந்து, நூலில் நாட்டம் குறைந்த பிள்ளைக்குப் பிளஸ் ஒன் மட்டுமே வழி அன்று. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளோமாவில் சேரலாம். அதில் நன்றாகத் தேறினால் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரே நுழையவும் வழி உண்டு.

அடுத்த மே மாதத்தில் ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, பிரிவின் பெயரைச் சொல்லுமுன் மூன்றைக் கேளுங்கள்: பாடவாரியான மதிப்பெண், பத்துக் கணக்குச் சோதனையில் நடந்தது, பிள்ளை தன் வாயால் சொல்லும் விருப்பம். சேர்ந்த பின்னும் முதல் இடைத்தேர்வு விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள். எழுதத் தொடங்காமலே விட்ட வினாக்கள் மிகுந்திருந்தால் பிரிவு பொருந்தவில்லை என்பதற்கு அதுவே அறிகுறி. உடனே தலைமையாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் செல்லச் செல்லப் பாடங்கள் முன்னேறிவிடும். பிரிவு மாறுவதும் கடினமாகிவிடும்.