வீட்டுப்பாடத்தின் படம் மட்டும் வந்தால் என்ன பதில் எழுதுவது?

இரவு எட்டு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. தலைப்பு இல்லை, வணக்கம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. கணிதப் பயிற்சித் தாள் ஒன்றின் படம் மட்டும் இருக்கிறது. அனுப்பியவர் பெயரில் ஒரு பிள்ளையின் அம்மா பெயர் தெரிகிறது. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ டியூஷன் நடத்தும் எவருக்கும் இது பழக்கமான காட்சி. அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் சிறிய பதிலை எப்படி எழுதுவது என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: பதில் எழுதும் முன் படத்தைப் படியுங்கள்

தாளில் எட்டுக் கேள்விகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கேள்வி மலாயில் இருக்கிறது. இரண்டு பேருந்துகள் காலை 8.00 மணிக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து ஒன்றாகப் புறப்படுகின்றன. ஒரு தடத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, மற்றதில் 18 நிமிடத்துக்கு ஒன்று. மறுபடி எத்தனை நிமிடம் கழித்து இரண்டு தடத்துப் பேருந்துகளும் ஒன்றாகப் புறப்படும்? விடை 36 நிமிடம். ஆனால் ஓரத்தில் பென்சிலில் 6 என்று எழுதியிருக்கிறது.

பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் அந்த 6 ஏதோ சொல்கிறது. அழித்த தடம், வட்டம் போட்ட எண், வெறுமையாக விட்ட இடம் எல்லாமே பிள்ளையின் கைவேலைதான். அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

இரண்டாம் படி: காரணத்தை ஊகித்து முடிவு செய்யாதீர்கள்

6 என்ற விடை இரண்டு வழியில் வரலாம். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

ஒன்று, மீச்சிறு பொது மடங்குக்குப் பதிலாக மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டிருக்கலாம். 12க்கும் 18க்கும் அது 6. மலாயில் மீச்சிறு பொது மடங்கின் பெயரில் ‘தெர்க்கெச்சில்’ என்ற சொல் வருகிறது. அதற்கு ‘மிகச் சிறியது’ என்று பொருள். சிறிய எண்தான் விடை என்று பிள்ளை எடுத்துக்கொள்வது இயல்பு.

இரண்டு, 18இலிருந்து 12ஐக் கழித்திருக்கலாம். அதற்கும் 6தான் வரும். ஏன் கழிக்க வேண்டும்? புறப்படுதல் என்பதற்கு மலாய்ச் சொல் ‘பெர்தோலாக்’. கணித வகுப்பில் ‘தோலாக்’ என்றால் கழித்தல். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கழித்துவிட்டால், பிள்ளைக்கு வராதது கணக்கு அல்ல, கேள்வியின் மொழி.

சிம்பாங் லீமா, விவேகானந்தா போன்ற தமிழ்ப்பள்ளிகளிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைக் கவனிக்க வேண்டும். தமிழில் கணிதம் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் படிக்கிறது. இருமொழித் திட்டம் உள்ள பள்ளி என்றால் ஆங்கிலத்தில் படிக்கவும் கூடும். ‘ஒன்றாக, ஒரே நேரத்தில்’ என்பதற்கான ‘செரெந்தாக்’ என்ற ஒரு சொல் தெரியாமல் போனாலே இந்தக் கணக்கு நின்றுவிடும். காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் நாம் மீச்சிறு பொது மடங்கை விளக்கி ஒரு பக்கம் எழுதினால், கழித்த பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாம் படி: கண்டதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

‘என்ன வேண்டும்?’ என்று மட்டும் எழுதினால் பிள்ளைக்கு அது அதட்டல் போலக் கேட்கும். அல்லது ‘எல்லாம் தெரியல’ என்று பதில் வரும். படத்தில் நீங்கள் கண்ட ஒன்றை முதலில் சொல்லுங்கள். அதன்பின் ஓரிரு சொல்லில் பதில் தரக்கூடிய கேள்விகளை வையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். பதில் இப்படி இருக்கலாம்:

> வணக்கம். படம் கிடைத்தது, தெளிவாக இருக்கிறது. 5ஆம் கேள்வி பக்கத்தில் 6 என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன்.
>
> 1. எந்தக் கேள்விக்கு உதவி வேண்டும்? எண்ணை மட்டும் எழுது.
> 2. அந்த 6 எப்படி வந்தது? போட்ட கணக்கை அப்படியே எழுது. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.
> 3. கேள்வியில் புரியாத மலாய்ச் சொல் இருக்கிறதா? இருந்தால் அதை எழுது.
>
> தமிழ், மலாய், இரண்டும் கலந்து, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்பது மணிக்குள் அனுப்பினால் இன்றே பார்க்கிறேன். இல்லையென்றால் நாளை மாலை.
> டீச்சர்

6 தவறு என்று இதில் எங்கும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை அதை அழித்துவிட்டு வேறு எண்ணை எழுதி அனுப்பும், வந்த வழி மறைந்துபோகும். நேரம் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. தாளை நாளைக் காலை பள்ளியில் கொடுக்க வேண்டியிருந்தால், பிள்ளை அதை இப்போதே சொல்லிவிடும். வகுப்பு மதிப்பீட்டுக்கான தாள் போலத் தெரிந்தால், மூன்றாம் கேள்வியுடன் ‘இதற்கு மதிப்பெண் உண்டா?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உண்டு என்றால் சொல்லின் பொருளை மட்டும் விளக்கலாம், கணக்கைத் தொடக்கூடாது.

படம் மங்கலாக இருந்தால் மேலே உள்ள எதையும் கேட்காதீர்கள். படத்தை மட்டும் மறுபடி கேளுங்கள்: ‘தாளை மேசையில் விரித்து வை. கைப்பேசியை நேர் மேலே பிடி. உன் நிழல் விழாமல், கேள்வி எண்ணும் நீ எழுதியதும் தெரியும்படி எடு.’

நான்காம் படி: வந்த பதிலுக்கு ஏற்ப ஒரே உதவி

‘5. 18 தோலாக் 12’ என்று பதில் வந்தால் சொல்லை மட்டும் விளக்குங்கள்: ‘இங்கே பெர்தோலாக் என்றால் பேருந்து புறப்படுவது. கழிப்பது அல்ல. இப்போது கேள்வியை மறுபடி படி.’ பிறகு பிள்ளையே போடட்டும்.

காரணி பிரித்து 6 வந்திருந்தால், புறப்படும் நேரங்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒரு தடத்துக்கு 12, 24, 36. மற்றதற்கு 18, 36. இரண்டு வரிசையிலும் முதலில் வரும் பொது எண்தான் அந்த ‘மிகச் சிறியது’ என்று பிள்ளையே கண்டுகொள்ளும். 36 நிமிடம் என்றால் 8.36 மணி.

‘தெரியல’ என்று மட்டும் வந்தால் கேள்வியை இன்னும் சுருக்குங்கள்: ‘முதல் வரியில் என்ன நடக்கிறது? தமிழில் ஒரு வரி எழுது.’ எழுத முடிந்தால் சிக்கல் கணக்கில். முடியாவிட்டால் மொழியில்.

ஐந்தாம் படி: புரிந்ததா என்று வேறு எண்களில் பாருங்கள்

சரிபார்க்கக் கொடுக்கும் எண்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 10, 15 என்று கொடுத்தால் கழித்தாலும் 5, பொதுக் காரணியும் 5. எது நடந்தது என்று மறுபடியும் தெரியாது. 12, 20 கொடுங்கள். 60 என்று வந்தால் சரி. 8 வந்தால் இன்னும் கழிக்கிறது. 4 வந்தால் இன்னும் காரணியில் நிற்கிறது. 240 வந்தால் இரண்டையும் பெருக்கிவிட்டது. அது பொது மடங்குதான், ஆனால் மிகச் சிறியது அல்ல.

அடுத்த முறையும் படம் மட்டும் வரலாம். அப்போது கேள்வி எண்ணையும், போட்ட கணக்கையும், புரியாத சொல்லையும் தாளிலேயே பென்சிலில் எழுதிவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் எழுதக் கூச்சப்படும் பிள்ளைக்கும் தாளில் எழுதக் கை வரும்.